ஒரே படம், இரண்டு மொழி: எந்தக் காட்சிக்கு டிக்கெட்?

பெரிய படம் ஒன்று வெள்ளிக்கிழமை வெளியாகிறது என்றால், புதன்கிழமை வாக்கிலேயே முன்பதிவுச் செயலியில் காட்சி நேரங்கள் வந்துவிடும். படத்தின் பெயரைத் தொட்டதும் செயலி முதலில் கேட்பது ஊரையோ தியேட்டரையோ அல்ல, மொழியை. `TAMIL` என்ற தலைப்பின் கீழ் 2D, 3D. `ENGLISH` என்ற தலைப்பின் கீழ் 2D, 3D, IMAX 3D. தெலுங்கிலிருந்தோ கன்னடத்திலிருந்தோ வந்த படமானால் அந்தந்த மொழியின் பெயர் அங்கே இருக்கும். இதைக் கவனிக்காமல் பட்டனைத் தட்டிவிட்டு, நேரத்தையும் இருக்கையையும் மட்டும் பார்த்துப் பணம் கட்டியவர்கள்தான் படம் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

மூல மொழிதான் உயர்ந்தது, டப்பிங் என்பது தெரியாதவர்களுக்கு என்ற எண்ணம் நகரத்து ரசிகர்களிடம் பரவலாக உண்டு. எல்லாப் படத்துக்கும் அது பொருந்தாது. எது நல்லது என்பது படம் எப்படி எடுக்கப்பட்டது, பார்ப்பவர் எதைப் படிக்க வல்லவர், அன்றைக்கு எந்தத் திரையில் எந்த வரிசை மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்றாவது காரணத்தைப் பெரும்பாலோர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

தியேட்டருக்கு வரும் படம் இப்போது ரீல் அல்ல. டிசிபி எனப்படும் கோப்புத் தொகுப்பு. அதில் படம் ஒரு கோப்பு, ஒலி வேறொரு கோப்பு, சப்டைட்டில் இருந்தால் அதுவும் பெரும்பாலும் தனிக் கோப்பு. எந்தப் படக் கோப்போடு எந்த ஒலியும் எந்த சப்டைட்டிலும் சேர்ந்து ஓட வேண்டும் என்று சொல்வது சிபிஎல் என்ற சிறு பட்டியல். ஆகவே தமிழ்ப் பதிப்புக்கென்று படத்தை மறுபடி முழுதாக அனுப்பத் தேவையில்லை. மூலத் தொகுப்பு ஏற்கெனவே தியேட்டரின் சர்வரில் இருந்தால், தமிழ் ஒலியும் புதிய பட்டியலும் தமிழில் மாற்றிய தலைப்பு எழுத்துகளும் வந்தால் போதும். திரையில் விழும் காட்சி இரண்டு மொழியிலும் அதே கோப்பிலிருந்துதான் வருகிறது. தமிழ்ப் பதிப்பில் படம் மங்கலாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது அந்தத் திரையின் விளக்குக் கோளாறு. மொழியின் கோளாறு அல்ல.

ஆபரேட்டரின் திரையில் இந்தப் பட்டியலின் பெயர் நீளமாக இருக்கும். நடுவே மொழிக்கென்று ஒரு துண்டு. `TA-XX` என்றால் தமிழ் ஒலி, சப்டைட்டில் இல்லை. `JA-EN` என்றால் ஜப்பானிய ஒலி, ஆங்கில சப்டைட்டில். இரண்டெழுத்து வித்தியாசம்தான். அவசரத்தில் அந்த இரண்டெழுத்தைப் பார்க்கத் தவறினால் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் வேறு மொழி ஒலிக்கும்.

இந்தத் தொகுப்பு பூட்டியே வருகிறது. அதைத் திறக்கும் சாவிக்குக் கேடிஎம் என்று பெயர். தியேட்டர்காரர்கள் வாயில் அது வெறும் 'கீ'. குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட பட்டியலுக்கு, குறிப்பிட்ட தேதியிலிருந்து குறிப்பிட்ட தேதிவரை மட்டும் அது வேலை செய்யும். 'கீ இன்னும் வரல' என்று முதல் காட்சி தாமதமாவதெல்லாம் இதனால்தான். 'கூட்டம் எல்லாம் தமிழ்க் கூட்டம், தமிழையே போட்டுவிடுங்கள்' என்று மேலாளரிடம் கேட்டாலும் அவரால் நினைத்தபடி மாற்ற முடியாமல் போவதற்கும் இது ஒரு காரணம். அந்த அரங்குக்குத் தமிழ்ப் பதிப்பின் கீ வந்திருக்க வேண்டும்.

படம் ஒன்றே என்றால் வேறுபாடு முழுக்க ஒலியில் இருக்கிறது. அந்த ஒலியும் முழுதாக மாறுவதில்லை. பின்னணி இசை, காலடி ஓசை, கதவுச் சத்தம், வெடி, மழை எல்லாம் வசனம் நீங்கலாக ஒரு தனித் தடமாக மூலத் தயாரிப்பாளரிடமிருந்து வரும். இசையும் ஓசையும் என்று பொருள்படும்படி அதை எம் அண்ட் இ என்பார்கள். அதன்மேல் தமிழ்க் குரலைப் பதிந்து மறுபடி கலப்பதுதான் டப்பிங். பெரிய ஹாலிவுட் நிறுவனங்கள் தரும் இந்தத் தடம் முழுமையாக இருக்கும். நடிகரின் சட்டை உரசும் சத்தம் வரை தனியே போட்டிருப்பார்கள். அவசரத்தில் தயாரான படங்களில் அது அரைகுறை. வசனத்தை எடுத்தபோது அதோடு சேர்ந்து பதிவாகியிருந்த அறையின் மெல்லிய இரைச்சலும் போயிருக்கும்.

நல்ல டப்பிங்கையும் மட்டமானதையும் பிரித்தறிய இதுவே எளிய வழி. பாத்திரம் பேசி முடிக்கும் கணத்தில் சுற்றுப்புற ஓசை சட்டென்று மாறினால், அல்லது தொலைவில் மலைமுகட்டில் நிற்பவரின் குரல் காதருகே பேசுவதுபோல ஒலித்தால், கலவை சரியில்லை. சந்தைக் கூட்டத்தில் நூறு பேர் வாயசைக்க மூன்று குரல் மட்டுமே கேட்டாலும் அப்படித்தான். மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் குறை காதில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

அடுத்தது உதடு. ப, ம இரண்டுக்கும் இரு உதடும் ஒட்ட வேண்டும். நெருக்கக் காட்சியில் பார்வையாளரின் கண் கவனிப்பது இதைத்தான். விழப்போகிறவன் ஆங்கிலத்தில் 'ஹெல்ப் மீ' என்று கத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டே அசை, நடுவில் உதடு ஒருமுறை மூடுகிறது. 'உதவுங்கள்' என்று எழுதினால் உதடு மூடும் இடமே இல்லை. தமிழில் அப்படி யாரும் கத்துவதும் இல்லை. 'காப்பாத்து' என்றால் மூடும் இடம் கிடைக்கிறது, ஆனால் வாய் நின்ற பிறகும் சொல் ஓடிக்கொண்டிருக்கும். 'அம்மா' என்று அலறவிட்டால் அசையும் சரி, உதடும் சரி, தமிழன் அலறுவதும் அப்படித்தான். ஆனால் அவன் எதிரே நிற்கும் நண்பனைக் கெஞ்சுகிறான் என்பது போய்விட்டது. டப்பிங் வசனகர்த்தா ஒரு வரிக்கு இப்படி எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் எதையாவது பெறுகிறார். எதை விட்டார் என்பதில் அவர் திறமை தெரியும்.

உதட்டைவிடத் தீராத சிக்கல் சொல் வரிசை. ஆங்கிலத்தில் 'அவன் இருக்கிறான், அந்தக் கதவுக்குப் பின்னால்' என்கிற வரிசையில் வாக்கியம் முடிகிறது. கடைசிச் சொல்லில் நடிகர் கதவை நோக்கிக் கையை நீட்டுகிறார். தமிழில் கதவு முதலில் வந்துவிடும், 'இருக்கான்' கடைசியில் வரும். கை நீளும் நேரத்தில் காதில் விழுவது கதவு அல்ல. ஒரு படம் முழுக்க இப்படிக் கையும் சொல்லும் அரை நொடி விலகிக்கொண்டே இருந்தால், காரணம் புரியாமலே படம் ஒட்டவில்லை என்ற உணர்வு வரும். தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. அங்கும் வினை கடைசியில்தான்; வாக்கியத்தின் நீளமும் ஏறத்தாழ அதே.

இதனால் தென்னிந்தியப் படங்களையும் ஹாலிவுட் படங்களையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. தெலுங்குப் படத்தின் 'மூலக் குரல்' என்பதே பெரும்பாலும் படப்பிடிப்பில் பதிந்த குரல் அல்ல. படம் எடுத்து முடித்தபின் ஸ்டூடியோவில் பேசிச் சேர்த்தது. கதாநாயகிக்கு வேறொருவர் குரல் கொடுப்பது இரண்டு மொழியிலும் நடக்கிறது. ஆகவே தெலுங்கு தெரியாதவர் தெலுங்குக் காட்சிக்குப் போய் நடிகையின் உண்மைக் குரலைக் கேட்டதாக மகிழ்ந்தால், அது வேறொரு டப்பிங் கலைஞரின் குரலாக இருக்கலாம். 2015இல் வந்த 'பாகுபலி' முதல் பாகம் தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டது. சத்யராஜும் நாசரும் ரம்யா கிருஷ்ணனும் நடித்த அந்தப் படத்துக்குத் தமிழ்க் காட்சியை டப்பிங் என்று ஒதுக்குவதில் பொருளில்லை. 2022 மார்ச்சில் வந்த 'ஆர்ஆர்ஆர்' தெலுங்கிலிருந்து டப்பிங் செய்யப்பட்டதே. ஆனாலும் மதன் கார்க்கி எழுதிய தமிழ் வசனத்தோடு அதைப் பார்த்தவர்களுக்குப் பெரிதாக எதுவும் குறைந்துவிடவில்லை. குறையக்கூடியது பாட்டு. மெட்டுக்குச் சொல்லை அடைக்கும்போது மூலத்தின் துள்ளலில் கொஞ்சம் கழிந்துவிடும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பது, மொழியையே கதையாகக் கொண்ட படம். 2024 பிப்ரவரியில் வெளியான 'மஞ்ஞுமல் பாய்ஸ்' தமிழ்நாட்டில் மலையாளத்திலேயே ஓடி வென்றது. கேரள இளைஞர்கள் கொடைக்கானல் வருகிறார்கள். குகையில் ஒருவன் விழுகிறான். உதவி கேட்டுத் தமிழ் பேசும் ஊரில் அலைகிறார்கள். அவர்கள் பேசுவது மலையாளம், எதிரே வருவது தமிழ், இடையில் இருக்கும் இடைவெளியில்தான் பதற்றம். எல்லோரையும் தமிழ் பேசவைத்துவிட்டால், போலீஸ் நிலையக் காட்சியில் அந்தப் பையன்கள் ஏன் அவ்வளவு திக்குமுக்காடுகிறார்கள் என்பது பாதி விளங்காது. ஒரு படத்தில் இரண்டு மொழிக்காரர்கள் மோதுகிறார்கள் என்று முன்னோட்டத்திலேயே தெரிந்தால், மூல மொழிக் காட்சியைத் தேடுவதே சரி.

அனிமேஷன் படங்கள் இன்னொரு தினுசு. வரைந்த முகத்துக்குச் சொந்தக் குரல் கிடையாது; எந்த மொழியிலும் யாரோ ஒருவர் ஒலிவாங்கி முன்னால் நின்று பேசியதுதான். ஜப்பானிய அனிமேயில் வாய் சில வடிவங்களில் திறந்து மூடுவதோடு சரி, எனவே எந்த மொழியும் அதன்மேல் உட்கார்ந்துவிடும். அங்கே கைவிட்டுப் போவது குரல்நடிப்பு மட்டுமே. அந்தக் குரல்களுக்கென்றே ரசிகர்கள் இருப்பதால் அவர்கள் ஜப்பானிய ஒலிக் காட்சியைத்தான் தேடுவார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அந்த இழப்பு தெரியாது.

நட்சத்திரக் குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஏப்ரலில் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழ்ப் பதிப்பில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள், வசனம் ஏ.ஆர். முருகதாஸ். விளம்பரத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முந்தைய படங்களைத் தமிழிலேயே பார்த்துப் பழகியவர்களில் பலர், அயர்ன் மேன் வாயைத் திறக்கும்போதெல்லாம் விஜய் சேதுபதியின் முகம் வந்து நிற்கிறது என்று முணுமுணுத்தார்கள். பத்தாண்டு ஓடிய தொடரின் கடைசிக் கட்டத்தில் குரலை மாற்றுவது தெரிந்த மனிதரை முகமூடி போட்டு அழைத்து வருவது போல. அதே ஆண்டு ஜூலையில் வந்த 'தி லயன் கிங்' படத்தில் ரோபோ சங்கரும் சிங்கம்புலியும் பும்பாவுக்கும் டிமோனுக்கும் பேசியபோது அந்தக் குறை எழவில்லை. காட்டுப்பன்றிக்கும் கீரிக்கும் யாரும் முன்கூட்டியே ஒரு குரலை மனதில் வைத்திருக்கவில்லை. நகைச்சுவையைத் தமிழுக்கென்று புதிதாகவே எழுத முடிந்தது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு அந்தத் தமிழ்ப் பதிப்பு மூலத்தைவிட நல்ல தேர்வாகக்கூட இருந்திருக்கும்.

தமிழ் முன்னோட்டத்தை ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் முன்னோட்டத்துக்குக் குரல் கொடுத்தவரே படத்திலும் பேசியிருப்பார் என்று நம்பிவிட முடியாது. முன்னோட்டம் முதலில் தயாராகிறது, குரல் தேர்வு சில சமயம் அதற்குப் பிறகுதான் முடிவாகிறது.

இதுவரை சொன்னது படத்தின் பக்கம். பார்ப்பவரின் பக்கத்தில் முதல் கேள்வி சப்டைட்டில். தமிழ்நாட்டுத் திரைகளில் பிறமொழிப் படம் மூல மொழியில் ஓடும்போது கீழே வருவது பெரும்பாலும் ஆங்கில எழுத்து. தமிழ் எழுத்து அபூர்வம். எனவே மலையாளமோ தெலுங்கோ ஜப்பானிய மொழியோ தெரியாத ஒருவருக்கு உண்மையான தேர்வு மூலத்துக்கும் டப்பிங்குக்கும் இடையில் இல்லை. தமிழைக் கேட்பதா, ஆங்கிலத்தை வேகமாகப் படிப்பதா என்பதே தேர்வு. இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்துச் சொச்சம், சில நொடி, பிறகு அடுத்தது. ஆங்கிலம் தெரிந்தவர்களிலும் இந்த வேகத்தில் படித்துக்கொண்டே நடிகரின் கண்ணையும் பார்க்கக்கூடியவர்கள் எல்லோரும் அல்ல. சண்டைக் காட்சியில் வசனம் குறைவு, தொல்லையில்லை. நீதிமன்றக் காட்சியோ குடும்பச் சண்டையோ நீண்டால் திரையின் கீழ் அங்குலத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வர வேண்டியிருக்கும்.

சப்டைட்டில் உள்ள காட்சிக்கு இருக்கை தேர்வும் மாறுகிறது. தமிழ்க் காட்சியில் முன்னிருந்து நான்காவது வரிசை கிடைத்தால் கழுத்து வலி மட்டும்தான். சப்டைட்டில் காட்சியில் அந்த வரிசையிலிருந்து திரையின் மேற்பகுதியில் இருக்கும் முகத்துக்கும் அடியில் இருக்கும் எழுத்துக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சரிவு குறைந்த பழைய அரங்குகளில் நடு வரிசையிலும் முன்னால் இருப்பவர் தலை கீழ் வரியை மறைக்கும். பின்பாதி வரிசைகளே பாதுகாப்பு. 3D படமானால் எழுத்து திரைக்குச் சற்று முன்னால் மிதப்பதுபோல வரும்; மூக்குக் கண்ணாடிமேல் 3D கண்ணாடி போட்டவர்களுக்கு அதுவும் காட்சியும் மாறி மாறிக் கண்ணை இழுக்கும். சப்டைட்டில் உண்டா என்பதைச் செயலியில் `ESUB` போன்ற ஒரு குறிப்பு சொல்லும். குறிப்பே இல்லையென்றால் தியேட்டருக்குப் போன் செய்து கேட்டுவிடுவது நல்லது.

எந்த ஊரில் எந்த மொழி கிடைக்கும் என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஓசூரில் கன்னடமும் தெலுங்கும் மூலத்திலேயே ஓடும். கோவையிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் மலையாளத்துக்கு ஆள் உண்டு. சென்னை மால்களில் ஹாலிவுட் படத்துக்கு ஆங்கிலக் காட்சி தாராளம். வடபழனி, வேளச்சேரி போன்ற இடங்களின் ஐமேக்ஸ் திரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கே போகும். மாவட்டத் தலைநகரின் தனித் திரை அரங்குகளில் அதே படம் தமிழில் மட்டும். டப்பிங் எப்போதும் முதல் நாளே வருவதும் இல்லை. 'காந்தாரா' 2022 செப்டம்பர் 30 அன்று கன்னடத்தில் வந்தது. தமிழ்ப் பதிப்பு அக்டோபர் 15 அன்றுதான் வந்தது. பேச்சு பரவிய பிறகே மற்ற மொழிகள் தயாராகி வந்தன. இப்படிப்பட்ட படத்துக்குக் காத்திருப்பதும் ஒரு தேர்வு.

ஒரு குடும்பத்தை வைத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். படம் 'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்'. 2022 டிசம்பர் 16, வெள்ளிக்கிழமை வெளியீடு; நீளம் 192 நிமிடம்; ஆங்கிலம், தமிழ் உள்பட ஆறு மொழிகளில் இந்தியாவில் வந்தது. சென்னையில் இருக்கும் ஒரு வீட்டில் பாட்டி, கணவன் மனைவி, பத்து வயதுப் பையன், கல்லூரியில் படிக்கும் பெண் என ஐந்து பேர். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான். பையன் ஆங்கிலப் பள்ளியில் படித்தாலும் அமெரிக்கப் பேச்சை அந்த வேகத்தில் பிடிக்கமாட்டான். சனிக்கிழமைக்குக் கிடைப்பவை மூன்று என்று வைத்துக்கொள்வோம்: மதியம் 2.30க்குத் தமிழ் 3D, பின்பாதியில் ஐந்து இருக்கை சேர்ந்தாற்போல, மாலை 6.30க்கு ஆங்கில 3D, இருக்கைகள் இரண்டும் மூன்றுமாகச் சிதறி, இரவு 10.15க்கு ஆங்கில ஐமேக்ஸ், முன்னிரண்டு வரிசை மட்டும்.

முதலில் கடிகாரம். 192 நிமிடப் படம் தியேட்டரில் 192 நிமிடத்தில் முடியாது. விளம்பரமும் முன்னோட்டமும் கால் மணி நேரத்துக்கு மேல், இடைவேளை கால் மணி நேரம்; மொத்தம் மூன்றே முக்கால் மணி என்று வைப்பதே பத்திரம். மதியக் காட்சி 6.15க்கு விடும். மாலைக் காட்சி 10.15க்கு விடும், மெட்ரோ பிடிக்க நேரம் இருக்கும், ஆனால் பாட்டியோடு ஓட முடியாது. இரவுக் காட்சி முடிய அதிகாலை 2 மணி. பாட்டியையும் பையனையும் வைத்துக்கொண்டு மூன்றாவதை யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து, தமிழில் பார்த்தால் இந்தப் படத்தில் என்ன போகும்? பண்டோரா மக்கள் பேசுவது ஆங்கிலமே அல்ல, நாவி மொழி. நாயகன் ஜேக் அந்த மொழியில் ஊறிவிட்டதால் அது தன் காதில் ஆங்கிலம் போலவே விழுவதாகப் படத்தின் தொடக்கப் பகுதியில் சொல்கிறான். அதன் பிறகு நாவிக்குப் பதிலாக ஆங்கிலம் ஒலிக்கிறது. அதாவது மூலப் பதிப்பிலேயே அந்த ஆங்கிலம் ஒரு மாற்றுமொழிதான். அந்த இடத்தில் தமிழ் வந்து உட்கார்ந்தால் கதைக்குப் பெரிய துரோகம் எதுவும் நேர்வதில்லை. கடலடியில் கை சைகையால் பேசிக்கொள்ளும் காட்சிகளில் நாக்குக்கே வேலையில்லை. போவது நடிகர்களின் குரல். அவர்களின் முகபாவத்தைக் கணினியில் பதிந்து உருவாக்கிய முகங்கள் என்பதால், உதடும் கண்ணும் ஆங்கில நடிப்பின் தாளத்தில்தான் அசையும். தமிழ்க் குரல் அதன்மேல் கொஞ்சம் வழுக்கும். இந்த வழுக்கலைப் பொருட்படுத்துகிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான், கல்லூரிப் பெண்.

ஐந்து பேரும் 2.30 தமிழ்க் காட்சிக்குப் போவதே சரியான விடை. பெண்ணுக்கு ஆங்கில ஐமேக்ஸ் வேண்டுமென்றால் அடுத்த வாரநாள் ஒன்றில், நடு வரிசைகள் காலியாக இருக்கும் மதியக் காட்சிக்குத் தனியே போகலாம். அதில் ஒரு நிபந்தனை உண்டு: அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் போய்விட வேண்டும். ஐமேக்ஸ் திரை ஊரில் ஒன்றிரண்டுதான். அடுத்த பெரிய படம் வந்தால் அது கைமாறிவிடும். தெலுங்கு, கன்னடப் படங்களின் மூல மொழிக் காட்சிகளும் இப்படித்தான். முதல் வாரம் நான்கைந்து திரையில் ஓடும். இரண்டாவது வெள்ளியன்று இரவுக் காட்சி ஒன்றாகச் சுருங்கி நிற்கும். இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் எது சீக்கிரம் காணாமல் போகுமோ அதை முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாக, தவறு நடந்தால் செய்ய வேண்டியது. டிக்கெட்டைத் தவறான மொழிக்கு எடுத்துவிட்டோம் என்பது காட்சிக்கு முன்பே தெரிந்தால், ரத்து செய்யும் வசதி அந்த அரங்குக்கும் அந்தச் செயலிக்கும் உண்டா, எத்தனை மணி நேரம் முன்புவரை என்று உடனே பார்க்க வேண்டும். காட்சி நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் பணம் குறையும், பிறகு ஒன்றுமே இல்லை. டிக்கெட்டில் சரியான மொழி இருந்தும் திரையில் வேறு மொழி ஒலித்தால் தவறு அரங்கின் பக்கம்; ஆபரேட்டர் பட்டியலில் அந்த இரண்டெழுத்தைப் பார்க்காமல் விட்டிருப்பார். சப்டைட்டில் வர வேண்டிய படத்தில் எழுத்து வராவிட்டாலும் பெரும்பாலும் காரணம் இதுவே. முதல் வசனம் வந்ததும் ஒருவர் எழுந்து வெளியே நிற்கும் ஊழியரிடம் டிக்கெட்டைக் காட்டிச் சொன்னால் போதும். முதல் சில நிமிடங்களில் நிறுத்திச் சரியான பதிப்பை முதலிலிருந்து போடுவது ஆபரேட்டருக்குப் பெரிய வேலை இல்லை. 'பக்கத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே' என்று அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டால், அடுத்த காட்சிக்கான கூட்டம் வெளியே சேரத் தொடங்கிவிடும். அதன் பிறகு படத்தைத் திருப்பிப் போட நேரம் இருக்காது. மேலாளரிடம் பேச மிஞ்சுவது பணத்தைத் திருப்பித் தருவதா, வேறொரு காட்சிக்கு டிக்கெட் தருவதா என்பது மட்டுமே.